சொல் விளக்கம்: அரியர்

‘அரியர் விழுந்தது’, ‘மூன்று அரியர் வைத்திருக்கிறான்’, ‘எல்லா அரியரையும் க்ளியர் செய்துவிட்டாள்’ என்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல்லை, அதே பொருளில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்திலும் எழுதிவிடுகிறோம். சொல் ஆங்கிலச் சொல்தான் என்பதால் அங்கே புரிந்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால், தேறாமல் போய் மீண்டும் எழுத வேண்டிய தேர்வு என்று நாம் கொள்ளும் பொருள் நம் கல்வி நிலையங்களில் வளர்ந்த பொருள். வெளியில் உள்ளவர் கொள்ளும் பொருள் வேறு.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதற்கும் மூலமாகிய லத்தீன் தொடரான ‘அட் ரெட்ரோ’ என்பதற்குப் ‘பின்னோக்கி’ என்று பொருள். பின்தங்கி நிற்பது என்ற பொருளிலிருந்து, உரிய நாளில் செலுத்தப்படாமல் பின்தங்கிய பணம் என்ற பொருள் பிறந்தது. பிரிட்டனில் பெரும்பாலும் பன்மையில் ‘அரியர்ஸ்’ என்றே வழங்கும் இச்சொல், வாடகைப் பாக்கி, வரிப் பாக்கி, கடன் தவணைப் பாக்கி ஆகியவற்றைக் குறிக்கிறது. வேலை ஒப்பந்தத்தில் ‘சம்பளம் இன் அரியர்ஸ் வழங்கப்படும்’ என்று இருந்தால், மாதம் முழுவதும் வேலை செய்த பிறகு மாத முடிவில் சம்பளம் தரப்படும் என்பதே அதன் பொருள். ஆக, முன்பு ஒரு பாடத்தில் தோற்றுப் பின்னர் தேறியதைச் சொல்ல விண்ணப்பத்தில் எழுதும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ் - 1’ என்ற வரியைப் படிக்கும் அயல்நாட்டு மனிதவள அலுவலர், இவர் ஒருமுறை கடனையோ கல்விக் கட்டணத்தையோ கட்டத் தவறியவர் என்று எண்ண இடமுண்டு. விண்ணப்பித்தவர் நேர்மையாகத் தந்த தகவல், அவருடைய பண ஒழுக்கத்தின் மீது ஐயமாக மாறிவிடுகிறது.

இந்தியாவுக்குள்ளேயே இதற்குப் பல பெயர்கள் உண்டு. வட மாநிலங்களில் ‘பேக்லாக்’ என்பார்கள், கேரளத்திலும் ஆந்திரத்திலும் ‘சப்ளி’, மும்பையில் ‘கே.டி.’. அடுப்பின் பின்புறம் வைக்கும் பெரிய விறகுக் கட்டையைக் குறித்த பேக்லாக் என்ற சொல், பின்னாளில் தேங்கிக் கிடக்கும் வேலைக்குப் பெயராயிற்று. மென்பொருள் நிறுவனங்களில் இன்று அது இனிச் செய்யவேண்டிய பணிகளின் பட்டியலைக் குறிக்கிறது. எனவே, அரியர் என்பதை மாற்றிப் பேக்லாக் என்று எழுதுவதால் குழப்பம் தீர்வதில்லை.

இனி, மதிப்பெண் பட்டியலில் ஓர் அரியர் எப்படி உருவாகிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, எழுத்துத் தேர்வுள்ள ஒரு பாடத்துக்கு அக மதிப்பீடு 20, பருவத் தேர்வு 80 என மொத்தம் 100 மதிப்பெண். தேர்ச்சி பெற மொத்தத்தில் 50 வேண்டும். அதோடு பருவத் தேர்வில் மட்டும் 45 விழுக்காடு, அதாவது 80க்கு 36 எடுத்தாக வேண்டும். மாணவர்கள் ‘எம்-3’ என்று அழைக்கும் மூன்றாம் பருவக் கணிதத்தில் ஒரு மாணவி அக மதிப்பீட்டில் 16, பருவத் தேர்வில் 35 பெற்றதாகக் கொள்வோம். மொத்தம் 51 வந்தும் ஒரு மதிப்பெண்ணில் தேர்வு போய்விடுகிறது. பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே ‘ஆர்.ஏ.’ என்று, மீண்டும் தேர்வெழுத வேண்டும் என்பதன் சுருக்கக் குறியீடு வருகிறது.

அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் எழுதி 44 எடுக்கிறார். பழைய 16 அப்படியே நிற்க, மொத்தம் 60 ஆகி ‘பி’ தரம் கிடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அவர் வகுப்புக்கு மறுபடி போகவில்லை, தேர்வை மட்டுமே மறுபடி எழுதினார் என்பது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்தில் தோற்றால் பொதுவாக அந்தப் பாடத்தையே மறுபடி படிக்க வேண்டும். தோல்வி, சராசரிப் புள்ளியில் சுழியமாகச் சேரும். இங்கே தேறாத பாடம் சராசரிக் கணக்கில் சேர்வதில்லை; தேறிய பிறகு கிடைக்கும் தரமே சேரும். இந்த வேறுபாடு தெரியாதவர், அந்த மாணவி ஒரு பருவத்தை இழந்தவர் என்று நினைப்பார். உண்மையில் அவர் நான்கே ஆண்டுகளில் பட்டம் பெற்றிருக்கிறார்.

தடம் இரண்டு இடங்களில் எஞ்சும். ஒன்று, தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும். மூன்றாம் பருவப் பாடங்கள் எல்லாம் நவம்பர்/டிசம்பர் 2018 என்றிருக்க, கணிதம் மட்டும் ஏப்ரல்/மே 2019 என்று நிற்கும். பட்டியல் படித்துப் பழகியவர் இதை உடனே கண்டுகொள்வார். மற்றொன்று, பட்டத்தின் வகுப்பு. மேற்சொன்ன ஒழுங்குமுறையில் ‘சிறப்புத் தகுதியுடன் முதல் வகுப்பு’ பெற 8.50 சராசரியோடு, எல்லாப் பாடங்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி என்ற நிபந்தனையும் உண்டு. அதனால் 8.6 சராசரியுள்ள இந்த மாணவிக்கு வெறும் ‘முதல் வகுப்பு’; 8.5 எடுத்த அவருடைய தோழிக்குச் சிறப்புத் தகுதி. இரு சான்றிதழ்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையளிப்பவருக்கு இது அச்சுப் பிழை போலத் தோன்றும். விளக்கம் விண்ணப்பதாரரிடமிருந்துதான் வர வேண்டும்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: நிலுவை. ‘நில்’ என்ற வினையோடு உறவுடைய இச்சொல், தீராமல் நின்றுபோனதைக் குறிக்கும். சம்பள நிலுவை, வழக்கு நிலுவை என்று அலுவலகத் தமிழில் நெடுநாளாக வழங்குவதால் ‘நிலுவைத் தாள்’ என்பது யாருக்கும் புரியும். ‘பாக்கி’ என்பதும் புழக்கத்தில் உள்ளதே. ஆனால், அரபு வழி வந்த அச்சொல்லில் பண வாடை மிகுதி என்பதால் தேர்வுக்கு நிலுவையே பொருத்தம் என்பது என் கருத்து. தாள் என்பதை மட்டும் ஆங்கிலத்தில் ‘பேப்பர்’ என்று பெயர்க்கக் கூடாது. அயல்நாட்டவர் அதை ஆய்வுக் கட்டுரையாகப் புரிந்துகொள்வார்.

நிலுவை என்ற சொல்லைக் கையில் எடுத்தவுடன், அரியர் மறைத்து வைத்திருந்த ஒரு வேறுபாடு தெளிவாகிறது. வளாக நேர்காணல் படிவங்கள் ‘ஸ்டாண்டிங் அரியர்’, ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்று இரண்டைக் கேட்கின்றன. முதலாவது இன்றும் தேறாமல் நிற்பது. அதுவே நிலுவைத் தாள். இரண்டாவதோ தேறி முடிந்தது. முடிந்த ஒன்று நிலுவையாக இருக்க முடியாது. அதனை ‘மறுதேர்வில் தேறிய தாள்’ என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலும் இதே வழியில் போனால் குழப்பம் வராது: பிரிட்டனுக்கு ‘ரீசிட்’ என்றும், அமெரிக்காவுக்கு ‘ரீடேக்’ என்றும் எழுதலாம். ஆனால், ரீடேக் என்பது பாடத்தையே மறுபடி படித்ததையும் குறிக்கும் என்பதால், அதனுடன் ‘தேர்வு மட்டும்’ என்று சேர்த்துவிட வேண்டும்.

மேலே கண்ட மாணவி தம் விண்ணப்பத்தில் அரியர் என்ற சொல்லையே தவிர்த்து, மதிப்பெண் பட்டியலோடு இப்படி ஒரு குறிப்பை இணைக்கலாம்: மூன்றாம் பருவக் கணிதத் தேர்வை ஒருமுறை மீண்டும் எழுதி ஏப்ரல்/மே 2019 இல் தேர்ச்சி பெற்றேன், மற்றப் பாடங்கள் அனைத்திலும் முதல் முயற்சியில் தேர்ச்சி, நான்காண்டுப் பட்டப்படிப்பை உரிய காலத்தில் முடித்தேன், தேற வேண்டிய பாடம் எதுவும் மீதமில்லை.