சம்பளம் ஒண்ணு, நாடு ரெண்டு: 88-ஐ எதால வகுக்கிறது?

ஒரு நாட்டுல வீடு, இன்னொரு நாட்டுல கம்பெனி. வருஷத்துல முக்கால்வாசி வீட்ல இருந்தே லேப்டாப்ல வேலை, நடுவுல அப்பப்போ பெட்டியைக் கட்டிட்டு கம்பெனி இருக்கற ஊருக்குப் போய் சில வாரம் ஆபீஸ்ல உக்காந்துட்டு வர்றது. இப்படி வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் வருஷக் கடைசியில ஒரே தலைவலிதான், இந்த சம்பளத்துல எவ்வளவு எந்த நாட்டுக்கு? பேஸ்லிப்ல ஒரே ஒரு தொகை இருக்கும், அதுல நாடு எல்லாம் எழுதியிருக்காது. நாமதான் வெட்டணும், வெட்டறதுக்கு கத்தி நாள் கணக்கு.

முதல்ல ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கோங்க, மீதி எல்லாம் அதுல இருந்துதான் வருது. சம்பளம் எந்த நாட்டுல "சம்பாதிச்சது"ன்னு பாக்கும்போது கம்பெனி எங்க இருக்கு, பேங்க் அக்கவுண்ட் எங்க இருக்கு, சர்வர் எங்க ஓடுது, மீட்டிங்ல மத்தவங்க எங்க இருந்தாங்க, எதுவும் கணக்குல வராது. வேலை செஞ்ச நேரத்துல உங்க உடம்பு எந்த நாட்டுல இருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு நாடுகளுக்கு நடுவுல போடற இரட்டை வரி ஒப்பந்தங்கள்ல பெரும்பாலானதுக்கு அச்சு ஓஇசிடி அமைப்போட மாதிரி ஒப்பந்தம், அதோட 15-ஆவது பிரிவு இதைத்தான் சொல்லுது. வீடு இருக்கற நாட்டுக்கு முழு சம்பளத்து மேலயும் உரிமை உண்டு, ஆனா இன்னொரு நாட்டு மண்ணுல நின்னு செஞ்ச வேலைக்கான பங்கு மேல அந்த நாடும் வரி போடலாம். பேச வசதியா முதல் நாட்டை வீட்டு நாடுன்னும் ரெண்டாவதை ஆபீஸ் நாடுன்னும் வச்சுக்குவோம்.

இங்க உடனே யாராவது "183 நாளுக்குள்ள இருந்தா வரி கிடையாதே"ன்னு ஆரம்பிப்பாங்க. அரைகுறையா தெரிஞ்சவங்க சொல்ற வசனம் இது. அந்த விலக்கு கிடைக்க மூணு நிபந்தனை, மூணும் ஒண்ணா நிறைவேறணும். பன்னிரண்டு மாசத்துல 183 நாளுக்கு மேல அந்த நாட்டுல இருக்கக்கூடாது, சம்பளம் குடுக்கற கம்பெனி அந்த நாட்டுக் கம்பெனியா இருக்கக்கூடாது, அந்த கம்பெனிக்கு அங்க நிலையான கிளை மாதிரி ஏதாவது இருந்து சம்பளச் செலவு அதோட கணக்குல ஏறக்கூடாது. நம்ம கதையில கம்பெனியே ஆபீஸ் நாட்டுலதான் இருக்கு, ரெண்டாவது நிபந்தனையிலயே அவுட். அதனால 183 இல்ல, 3 நாள் வேலை பாத்தாலும் அந்த 3 நாள் பங்கு அங்க வரிக்கு வரும். ஒருவேளை கம்பெனி வேற நாட்டுல இருந்து விலக்கு கிடைச்சிட்டு இருந்து, 190 நாள் தங்கிட்டோம்னு வைங்க, அப்ப வரி 184-ஆவது நாள்ல இருந்து ஆரம்பிக்காது, முதல் வேலை நாள்ல இருந்தே ஆரம்பிக்கும். நிறைய பேர் இதுல விழுந்திருக்காங்க.

சரி, வெட்டறதுக்கு வருவோம். ஒருத்தரை எடுத்துக்குவோம், வருஷ சம்பளம் 66,000, எந்த நாட்டு காசுங்கறது நமக்கு வேணாம். வருஷம் 365 நாள்ல சனி ஞாயிறு 104, பொது விடுமுறை 11, எடுத்த லீவு 24, உடம்பு சரியில்லாம படுத்தது 6. எல்லாம் போக மிச்சம் 220 நாள், இதுதான் அவர் உண்மையா வேலை பாத்த நாள். ஆபீஸ் நாட்டுல அவர் மொத்தம் 130 நாள் இருந்தார், அதுல வேலை நாள் 88, சனி ஞாயிறு 36, அந்த ஊர் பொது விடுமுறை 2, லீவு போட்டு ஊர் சுத்தினது 4.

இப்ப கையில ரெண்டு எண் இருக்கு, 130-ம் 88-ம். ரெண்டுமே உண்மைதான், ஆனா ரெண்டுக்கும் வேலை வேற வேற. 183-ஓட ஒப்பிட எடுக்கறது 130. அங்க உடம்பு இருந்த ஒவ்வொரு நாளும் சேரும், வந்து எறங்கின நாள், கிளம்பின நாள், ஞாயித்துக்கிழமை தூங்கினது எல்லாமே, ஒரு நாள்ல கொஞ்ச நேரம் இருந்தாலும் முழு நாள். சம்பளத்தை வெட்ட எடுக்கறது 88, அதுல வேலை செஞ்ச நாள் மட்டும்தான். 88-ஐ 220-ஆல வகுத்தா 40 சதவீதம், அப்ப ஆபீஸ் நாட்டுப் பங்கு 26,400, மீதி 39,600 வீட்டு நாட்டுல செஞ்ச வேலைக்கு.

தப்பு நடக்கறது ரெண்டையும் கலக்கும்போதுதான். மேல 130, கீழ 220 போட்டா 39,000 வரும், செய்யாத வேலைக்கு எல்லாம் வரி. மேல 88, கீழ 365 போட்டா 15,912 வரும், பாக்க நல்லா இருக்கும், ஆனா கேள்வி வந்தா நிக்காது. நீங்க போட்ட கணக்கு சரியான்னு பாக்க ஒரு சின்ன சோதனை இருக்கு, எல்லா நாடுகளோட பங்கையும் கூட்டுங்க, சரியா 66,000 வரணும். 365-ஆல வகுத்தவருக்கு வேலை நாள் 220-க்கு மட்டும் பங்கு விழுந்திருக்கும், மீதி 145 நாளோட காசு எந்த நாட்டுக்கும் போகாம அந்தரத்துல தொங்கும்.

"லீவு நாளுக்கும்தானே சம்பளம் வருது, அதை ஏன் கீழ இருந்து எடுக்கணும்?"னு எனக்கும் ஆரம்பத்துல குழப்பமாத்தான் இருந்துச்சு. யோசிச்சுப் பாத்தா லாஜிக் சரிதான். லீவுங்கறது வேலை நாள்கள் சம்பாதிச்சுக் குடுத்த பலன், அதனால அதோட சம்பளமும் வேலை நாள்கள் மேலயே பரவிடுது. 66,000-ஐ 220-ஆல வகுத்தா ஒரு வேலை நாளுக்கு 300, அந்த 300-க்குள்ளயே லீவுக் காசும் ஞாயித்துக்கிழமைக் காசும் ஒளிஞ்சிருக்கு. அதனாலதான் அந்த 4 நாள் லீவை ஆபீஸ் நாட்டுல கழிச்சாரா வீட்ல கழிச்சாரான்னு இந்த கணக்கு கேக்கறதே இல்ல. சிக் லீவை மட்டும் சில நாடுகள் வேற மாதிரி பாக்கும், அங்க அந்த நாட்டு முறையைத்தான் பாத்துக்கணும்.

ஞாயித்துக்கிழமை நிஜமாவே உக்காந்து வேலை பாத்தா? அப்ப அது வேலை நாள், மேலயும் கீழயும் சேரும். நம்மாளு ஆபீஸ் நாட்டுல 3 ஞாயிறு வேலை பாத்திருந்தா 91/223, பங்கு 26,933 ஆகிடும். அதே 3 ஞாயிறு வீட்ல பாத்திருந்தா 88/223, ஆபீஸ் நாட்டுப் பங்கு கொறையும். மூணாவது நாட்டுல ஒரு வாரம் வேலை பாத்திருந்தாலும் அது கீழ கண்டிப்பா இருக்கணும், ஆபீஸ் நாட்டுப் பங்குல மட்டும் சேராது. காலையில வீட்ல வேலை, மதியம் ஃபிளைட், சாயந்தரம் ஆபீஸ் நாட்டுல வேலைன்னா அரை அரையா பிரிக்கறது வழக்கம்.

இதை ஷீட்ல போட ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். சி நெடுவரிசையில "வீடு-வேலை", "ஆபீஸ்-வேலை", "லீவு" மாதிரி ஒரு குறிப்பு, டி நெடுவரிசையில 1 இல்லன்னா 0.5, அரை நாளா பிரிஞ்சா மட்டும் ரெண்டு வரி. அப்புறம் விகிதம் தானா வந்துடும்:

```
=SUMIF(C2:C400,"ஆபீஸ்-வேலை",D2:D400)/SUMIF(C2:C400,"*-வேலை",D2:D400)
```

போனஸ்லதான் அடுத்த குழி. இந்த வருஷம் மார்ச்ல 12,000 போனஸ் வந்துச்சுன்னு வைங்க, ஆனா அது போன வருஷ வேலைக்கு. போன வருஷம் அவர் ஆபீஸ் நாட்டுல வேலை பாத்தது 220-ல 22 நாள்தான், அதாவது 10 சதவீதம். அப்ப ஆபீஸ் நாட்டுக்கு 1,200 தான் சேரணும், இந்த வருஷ 40 சதவீதத்தைப் போட்டா 4,800 ஆகிடும். காசு கைக்கு எப்ப வந்துச்சுன்னு பாக்கக்கூடாது, எந்த காலத்து வேலைக்கு வந்துச்சுன்னு பாக்கணும். கம்பெனி பங்கு குடுத்தாலும் இதே கதைதான், குடுத்த நாளுக்கும் முழுசா கைக்கு சொந்தமாகற நாளுக்கும் நடுவுல எங்க எத்தனை நாள் வேலைன்னு பாப்பாங்க, அது மூணு நாலு வருஷமா கூட இருக்கும்.

இனி வரி. சுலபமா இருக்க ஆபீஸ் நாட்டுல நேரா 25 சதவீதம், வீட்டு நாட்டுல நேரா 20 சதவீதம்னு வைப்போம், போனஸை இப்ப விட்டுடுவோம். ஆபீஸ் நாட்டுக்கு 26,400-ல 6,600. வீட்டு நாடு முழு 66,000 மேலயும் 13,200 கணக்கு போடும், அப்புறம் வெளிய கட்டின வரிக்கு கிரெடிட் குடுக்கும். ஆனா கட்டின 6,600-ஐ அப்படியே கழிக்காது, அந்த 26,400-க்கு தன்னோட வரி எவ்வளவோ அதுவரைக்கும்தான், அதாவது 5,280. மிச்ச 1,320 நம்ம கையை விட்டுப் போனது போனதுதான், ஒருசில நாட்டுல அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோக விடுவாங்க. கிரெடிட்டுக்கு பதிலா அந்த பங்கையே விலக்கி வைக்கற ஒப்பந்தங்களும் இருக்கு, அப்ப இந்த கணக்கே மாறிடும்.

என் முதல் வருஷம் இதைவிட மோசம். நான் எங்க உக்காந்து வேலை பாத்தேன்னு பேரோல்காரங்களுக்கு யாரும் சொல்லல, நானும் சொல்லல, அவங்க பாட்டுக்கு முழு சம்பளத்துக்கும் ஆபீஸ் நாட்டு வரியைப் பிடிச்சுட்டாங்க. நம்ம உதாரணத்துல சொன்னா 16,500 பிடிப்பு, கட்ட வேண்டியதோ 6,600. நான் அப்பாவியா அந்த மொத்த பிடிப்பையும் வீட்டு நாட்டு ரிட்டர்ன்ல கிரெடிட்டா போட்டேன், திருப்பி அனுப்பிட்டாங்க. அவங்க சொன்னது நியாயம்தான், ஒப்பந்தப்படி அந்த நாட்டுக்கு உரிமையே இல்லாத வரிக்கு நாங்க ஏன் கிரெடிட் தரணும், அதிகமா பிடிச்ச 9,900-ஐ பிடிச்சவங்ககிட்டயே போய் கேளுங்க. அப்ப ஆபீஸ் நாட்டுல ரிட்டர்ன் போட்டு, 88 நாள் கணக்கைக் காட்டி, ரீஃபண்ட் வாங்கறதுதான் வழி. அதுக்கும் காலக்கெடு உண்டு, விட்டா போச்சு.

ரெண்டு நாட்டோட வரி வருஷமும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, ஒண்ணு ஜனவரியில தொடங்கும், இன்னொண்ணு ஏப்ரல்ல. அதனால "வருஷத்துக்கு 88"னு ஒரே எண்ணை எழுதி வச்சா பிரயோஜனம் இல்ல, தேதி தேதியா இருந்தாதான் எந்த வருஷத்துக்கும் வெட்டிக்கலாம். ரீஃபண்ட் கேட்டப்ப என்கிட்ட கேட்டதும் அதான். ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமையைக் குறிப்பா சுட்டி, அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்க. ஷீட்ல "வீடு-வேலை"ன்னு இருந்துச்சு, ஆனா முந்தின நாள் ராத்திரி ஆபீஸ் நாட்டுல இருந்து கிளம்பினதா டிக்கெட் சொல்லுச்சு. ஃபிளைட் விடிகாலை 5 மணிக்கு எறங்கினதைக் காட்டற போர்டிங் பாஸும், 10 மணிக்கு வீட்டு இன்டர்நெட்ல இருந்து லாகின் ஆன பதிவும் குடுத்தேன், அந்த நாளை ஒத்துக்கிட்டாங்க. அதே மாசத்துல இன்னொரு நாளுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல, அதை ஆபீஸ் நாட்டுப் பக்கம் சேத்துட்டாங்க.