மாதம் வரும் ஆயிரம் ரூபாய் நாட்டு வருமானக் கணக்கில் எங்கே சேரும்?

காட்பாடியில் பிளஸ் டூ படிக்கிற என் அக்கா மகள் போன வாரம் ராத்திரி ஒரு போட்டோ அனுப்பினாள். நோட்டில் ஒட்டியிருந்த ஜெராக்ஸ் தாளைப் போனில் எடுத்தது. தாள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நடுவில் மடிப்பு, மேல் ஓரத்தில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு எழுத்தே தெரியவில்லை. "மாமா, எனக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தி 1060 வருது, விடையில 1000னு போட்டிருக்கு. அப்புறம், அம்மாவுக்கு வர உரிமைத் தொகை இதுல சேருமா, சேராதா?"

இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் முதல் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதியும் இருந்தது. பணம் வாங்குகிற வீடுகளிலேயே பலருக்கும் இது குழப்பமாக இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திட்டம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. தகுதியுள்ள குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். தொடங்கியபோது வைத்த முக்கிய நிபந்தனைகள்: வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நிலம் இருந்தால் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருவர்தான். இந்தப் பணத்துக்கு ஈடாக அவர் எந்த வேலையும் செய்து காட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம்தான் நாட்டு வருமானக் கணக்கில் அதன் இடத்தைத் தீர்மானிக்கிறது.

இனி அந்த அட்டவணை. எண்கள் எல்லாம் கணக்குக்காகப் போட்டவை, கோடி ரூபாயில். (இந்தக் "கோடி ரூபாயில்" என்ற தலைப்புதான் வெளிச்சத்தில் மறைந்துபோயிருந்தது. போட்டோவில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.) தனியார் நுகர்வுச் செலவு 600, அரசு நுகர்வுச் செலவு 110, மொத்த நிலையான மூலதன ஆக்கம் 280, சரக்கு இருப்பு மாற்றம் 10, ஏற்றுமதி 220, இறக்குமதி 200, மகளிர் தொகை, முதியோர் உதவித்தொகை போன்றவை 40. கீழே தனியாகத் தேய்மானம் 90, மறைமுக வரி 95, மானியம் 25, வெளிநாட்டிலிருந்து வரும் நிகரக் காரணி வருமானம் கழித்தல் 10.

அவள் போட்டது: 600 + 110 + 280 + 10 + 220 − 200 + 40 = 1060. விடையை விட 60 அதிகம். இந்த மாதிரி நேரத்தில் எல்லாவற்றையும் மறுபடி கூட்டிக்கொண்டிருக்காமல், வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது. 60இல் 40 உதவித்தொகை வரிசை. மிச்சம் 20. அட்டவணையில் 20 என்று ஒரு எண்ணே இல்லை, ஆனால் அதில் பாதியான 10 இருக்கிறது. கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டால் பிழை எப்போதும் இரண்டு மடங்காகத்தான் வரும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், சரக்கு இருப்பு மாற்றத்துக்குப் பக்கத்தில் சரியாக அந்த மடிப்புக் கோட்டின் மேலேயே ஒரு சின்னக் கழித்தல் குறி. வருடக் கடைசியில் கிடங்கில் இருந்த சரக்கு தொடக்கத்தை விடக் குறைந்திருக்கிறது என்று அர்த்தம், அதாவது போன வருடம் செய்ததை இந்த வருடம் விற்றிருக்கிறார்கள், அதை இந்த வருட உற்பத்தி என்று சொல்ல முடியாது. ஆக 600 + 110 + 280 − 10 + 220 − 200 = 1000.

சரி, அந்த 40 ஏன் சேரவில்லை? அக்காவின் கணக்கில் ஆயிரம் ரூபாய் வரவானபோது நாட்டில் புதிதாக ஒரு பொருளும் உருவாகவில்லை, ஒரு சேவையும் நடக்கவில்லை. அரசின் கையிலிருந்து அக்காவின் கைக்குப் பணம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பாடத்தில் இதை மாற்றுச் செலுத்துதல் என்பார்கள். அக்கா அதை எடுத்துக்கொண்டு நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ வாங்கும்போதுதான் அது கணக்குக்குள் வருகிறது. ஆனால் அது ஏற்கெனவே தனியார் நுகர்வுச் செலவான 600க்குள் இருக்கிறது. 40ஐயும் தனியாகக் கூட்டினால் அதே கத்தரிக்காயை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். இதே அரசு பாலாற்றில் ஒரு தடுப்பணை கட்டினால் கதை வேறு. அங்கே சிமெண்டும் கம்பியும் கொத்தனார் உழைப்பும் சேர்ந்து ஒரு புதுப் பொருள் நிற்கிறது, அந்தச் செலவு மூலதன ஆக்கத்தில் நேராக ஏறும்.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் நிறைய வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து பணம் வருகிறது. அதை நிகரக் காரணி வருமானத்தில் போடுகிறவர்கள் உண்டு, அது தப்பு. நம் நாட்டுக் குடியிருப்பாளர்கள் வெளிநாட்டில் ஈட்டியதிலிருந்து வெளிநாட்டவர் இங்கே ஈட்டியதைக் கழித்து வருவதுதான் அந்த வரிசை. ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்து வேலை செய்கிறவர் கணக்குப்படி அந்த நாட்டுக் குடியிருப்பாளர். அவர் வீட்டுக்கு அனுப்புவதும் மாற்றுச் செலுத்துதல்தான்.

தாளில் அடுத்ததாக நாட்டு வருமானத்தையும் கேட்டிருந்ததால் 1000த்தோடு நிறுத்த முடியாது. தோல் பதனிடும் டிரம் தேய்வது போல வருடம் பூராவும் தேய்ந்த 90ஐக் கழிக்க வேண்டும். சந்தை விலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மறைமுக வரியில் மானியத்தைக் கழித்தால் 70, அதையும் எடுக்க வேண்டும். நிகரக் காரணி வருமானம் கழித்தல் 10. ஆக 1000 − 90 − 70 − 10 = 830. காரணி செலவிலான நிகர நாட்டு உற்பத்தி இது, இதைத்தான் பாடநூல் நாட்டு வருமானம் என்கிறது. செய்திகளில் வருவது பெரும்பாலும் சந்தை விலையிலான மொத்த உள்நாட்டு உற்பத்தி, 2015 முதல் அதைத்தான் தலைப்பு எண்ணாக எடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக் கூடாது.

இதைச் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்போ அம்மாவுக்கு வர பணத்தால நாட்டுக்குப் பிரயோஜனமே இல்லையா மாமா?" இல்லை, அப்படி அர்த்தமில்லை. புதிதாகச் செலவான ஒரு ரூபாய் மொத்த வருமானத்தை எத்தனை ரூபாய் கூட்டுகிறது என்று சொல்வதுதான் பெருக்கி. தாளின் கீழ்ப்பாதியில் இருந்த அந்தக் கணக்கு இங்கேதான் வருகிறது.

வேலூர்ப் பக்கம் ஒரு லட்சம் பெண்கள் புதிதாகச் சேர்க்கப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு 10 கோடி. இதற்குப் பக்கத்தில், அதே 10 கோடிக்கு ஒரு தடுப்பணை என்றும் வைத்துக்கொள்வோம். கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் 80 பைசா செலவழிக்கிறார்கள் என்று தாளில் கொடுத்திருந்தது, இறுதிநிலை நுகர்வு விருப்பு 0.8. தடுப்பணை என்றால் முதல் சுற்றிலேயே 10 கோடி உற்பத்தி. கூலி வாங்கியவர் 8 கோடி செலவழிப்பார், அதைப் பெற்ற கடைக்காரர் 6.4 கோடி, அப்புறம் 5.12 என்று சுருங்கிக்கொண்டே போகும். எல்லாவற்றையும் கூட்டினால் 10 × 1/(1 − 0.8) = 50 கோடி. பெருக்கி 5.

உதவித்தொகையில் அந்த முதல் 10 கோடி உற்பத்தி இல்லை. பணம் கைக்கு வந்தபின் செலவாகும் 8 கோடியிலிருந்துதான் சங்கிலி தொடங்குகிறது. 8 × 5 = 40 கோடி. பெருக்கி 4. மேலே அட்டவணையில் அந்த வரிசையைச் சேர்க்காமல் விட்டோமே, அதே காரணம்தான் இங்கே முதல் சுற்றாக விடுபட்டிருக்கிறது. பரீட்சையில் இரண்டுக்கும் 5ஐயே போட்டுவிட்டு மதிப்பெண் இழக்கிறவர்கள் அதிகம்.

ஆனால் 5, 4 எல்லாம் தாளில் மட்டும் கிடைக்கிற எண்கள், ஏனென்றால் அந்தக் கணக்கில் சேமிப்பைத் தவிர வேறு ஓட்டையே இல்லை. அக்காவின் பையை மறுபடி பாருங்கள். கத்தரிக்காய்க்குக் கொடுத்த காசு அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து விவசாயிக்குப் போகிறது, அவர் குடியாத்தம் லுங்கி ஒன்று எடுத்தால் அது நெசவாளிக்கு. அதே பையில் இருக்கிற பாமாயில் இந்தோனேசியாவிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்தது, அதற்குக் கொடுத்ததில் பெரும்பகுதி முதல் சுற்றிலேயே வெளிநாட்டுக்குப் போய்விடும். சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் கொடுத்ததில் ஒரு பங்கு ஜிஎஸ்டி. சேமிப்பு 20 பைசா, வரி 15, இறக்குமதி 15 என்று வைத்தால், ரூபாயில் 50 பைசாதான் உள்நாட்டுச் சுற்றுக்குத் திரும்புகிறது. பெருக்கி 1/(1 − 0.5) = 2. தடுப்பணை 20 கோடி ஆகும், உதவித்தொகை 5 × 2 = 10 கோடி ஆகும்.

இந்த எண்கள் நான் வைத்தவை, ஆனாலும் நிஜத்துக்கு ரொம்பத் தூரமில்லை. தேசியப் பொது நிதி மற்றும் கொள்கை நிறுவனத்தின் போஸ், பானுமூர்த்தி இருவரும் 2013இல் இந்தியாவுக்கு மதிப்பிட்டபோது, மூலதனச் செலவின் பெருக்கி 2.45 என்றும் மாற்றுச் செலுத்துதலின் பெருக்கி 0.98 என்றும் வந்தது. உதவித்தொகையாகப் போன ஒரு ரூபாய் ஏறக்குறைய ஒரு ரூபாய் வருமானத்தைக் கூட்டியிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. மாதக் கடைசியில் கையில் காசே இல்லாத வீடு ரூபாயில் 80 பைசாவுக்கு மேலேயே செலவழிக்கும், அங்கே இந்த எண் இன்னும் கொஞ்சம் ஏறும்.

ஒரு நிபந்தனையை மட்டும் அவளிடம் அழுத்திச் சொன்னேன். கணக்கில் "கூடுதல் செலவு" என்று இருக்கிறதே, அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். தடுப்பணையை நிறுத்திவிட்டு அந்த 10 கோடியை உதவித்தொகைக்குத் திருப்பினால், தாளின் எளிய கணக்கிலேயே 50 போய் 40 வருகிறது, நிகரமாக 10 கோடி குறைவு. ஓட்டை வைத்த கணக்கிலும் 20 போய் 10, அங்கேயும் அதே 10 கோடிதான் குறைகிறது. விவசாயியிடம் அதிகக் கத்தரிக்காயும் தறியில் அதிக லுங்கியும் போட இடம் இல்லாத நேரத்தில் காசு மட்டும் கூடினால், விலைதான் ஏறும், உற்பத்தி ஏறாது. அப்படி நடக்கிறதா என்று மார்க்கெட்டிலேயே தெரியும்: வரத்து அதே அளவில் இருந்து கிலோ விலை மட்டும் ஏறினால் பெருக்கி அங்கே வேலை செய்யவில்லை.

மறுநாள் காலையில் அவள் இரண்டாவது போட்டோ அனுப்பியிருந்தாள், இந்தத் தடவை தாளை ஜன்னலோரம் தட்டையாக வைத்து, மேலிருந்து நேராக எடுத்தது. ஓரத்தில் பென்சிலில் 1000, 830, 50, 40 என்று நான்கு எண்கள். உதவித்தொகை வரிசைக்குப் பக்கத்தில் "600க்குள்ள இருக்கு" என்று எழுதி வைத்திருந்தாள்.