இரண்டு பக்கமும் செம்புதான், வோல்ட் எங்கிருந்து வருகிறது?

பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி கேட்டிருந்த கேள்வி இது: "சார், ரெண்டு கிண்ணத்துலயும் செப்புத் தகடு, ரெண்டுலயும் காப்பர் சல்பேட். செறிவு மட்டும்தான் வேற. கணக்கு போட்டா 0.059 வோல்ட்னு வருது. எதுவும் எதோடயும் வினை புரியலையே, அப்புறம் எப்படி மின்சாரம்?" மின்வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆனால் அங்கே போகும் முன் கணக்கு போடும் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இவருடைய இன்னொரு கணக்கில் விடை தவறியதே அங்கேதான்.

மின்கலக் குறியீடு பற்றித் தெரிந்திருக்கும். இடது பக்கம் ஆனோடு, அதாவது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் பக்கம். வலது பக்கம் கேத்தோடு, வாங்கிக்கொள்ளும் பக்கம். ஒற்றைக் கோடு உலோகமும் கரைசலும் தொட்டுக்கொள்ளும் எல்லை, இரட்டைக் கோடு உப்புப் பாலம். மாணவி கேட்ட முதல் கணக்கு:

```
Cu | Cu²⁺ (0.01 M) || Ag⁺ (0.001 M) | Ag
```

அட்டவணையில் வெள்ளிக்கு +0.80 வோல்ட், செம்புக்கு +0.34 வோல்ட். இரண்டுமே ஒடுக்க மின்னழுத்தங்கள். அவற்றை அப்படியே எடுத்து, வலதிலிருந்து இடதைக் கழித்தால் போதும்: 0.80 − 0.34 = 0.46 வோல்ட். செம்பு பக்கம் ஆக்சிஜனேற்றம் நடக்கிறதே என்று குறியை மாற்றிவிட்டு, அதன் பிறகு கழிக்கவும் செய்தால் இரண்டு முறை திருப்பியதாகிவிடும், 1.14 என்று வந்து நிற்கும். இன்னொன்று, சமன்பாட்டைச் சமன்செய்ய வெள்ளியை இரண்டால் பெருக்குகிறோம் என்பதற்காக 0.80-ஐ 1.60 ஆக்கக் கூடாது. வோல்ட் என்பது ஒவ்வொரு கூலும் மின்னூட்டத்துக்கும் கிடைக்கும் ஆற்றல். எலக்ட்ரான் இரட்டிப்பானால் ஆற்றலும் இரட்டிப்பாகும், வகுத்து வரும் எண் மாறாது.

ஆனால் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டுக்குள் வந்துவிட்டால் அதே இரண்டை மறக்கக் கூடாது, அங்கே அது அடுக்காக வரும். மாணவி தவறியது இங்கேதான்.

```
Cu + 2Ag⁺ → Cu²⁺ + 2Ag        n = 2
Q = [Cu²⁺] / [Ag⁺]² = 0.01 / (0.001)² = 10⁴
E = 0.46 − (0.0591/2) × log 10⁴
  = 0.46 − 0.118 = 0.342 V
```

வெள்ளியின் செறிவை வர்க்கப்படுத்த மறந்தால் Q வெறும் 10 ஆகி 0.43 வோல்ட் என்று வரும். பார்த்தால் நல்ல விடை போலவே இருக்கும், அதுதான் ஆபத்து. சரிபார்க்க ஒரு வழி, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவது. வெள்ளி அயனி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டதால் மூன்று பத்து மடங்கு இறக்கம், 0.80 − 3 × 0.0591 = 0.623. செம்பில் இரண்டு பத்து மடங்கு இறக்கம், ஆனால் அயனிக்கு இரண்டு மின்னூட்டம் என்பதால் ஒவ்வொரு படியும் பாதிதான், 0.34 − 2 × 0.0296 = 0.281. கழித்தால் 0.342. இரண்டு வழியும் ஒத்துப்போகிறதா, நிம்மதி.

சரி, இப்போது அந்தப் 'படி' எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு செப்புத் தகட்டைக் கரைசலில் வைத்ததும் அதன் மேற்பரப்பில் இரண்டு பக்கமும் போக்குவரத்து நடக்கிறது. சில செம்பு அணுக்கள் தலா இரண்டு எலக்ட்ரானைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனியாகத் தண்ணீருக்குள் போகின்றன, கரைசலில் இருக்கும் அயனிகள் சில வந்து இரண்டு எலக்ட்ரானை எடுத்துக்கொண்டு தகட்டில் ஒட்டிக்கொள்கின்றன. கரைசல் நீர்த்திருந்தால் போகிறவை அதே வேகத்தில் போகும், ஆனால் திரும்பி வர ஆள் குறைவு. எனவே தகட்டில் எலக்ட்ரான் கொஞ்சம் மிஞ்சும். மிஞ்ச மிஞ்ச தகடு எதிர்மின்தன்மை அடைந்து, வெளியேற நினைக்கும் அயனியைப் பிடித்து இழுக்கும், வெளியே இருப்பதையும் வா வா என்று அழைக்கும். போவதும் வருவதும் சமமாகும் இடத்தில் நின்றுவிடும். இவ்வளவுக்கும் மிஞ்சிய மின்னூட்டம் மிக மிகச் சொற்பம், கரைசலின் செறிவு மாறியதையே அளந்து காட்ட முடியாது.

எவ்வளவு மின்னழுத்தத்தில் நிற்கும்? மின்னழுத்தம் இந்தப் போக்குவரத்தைக் கூட்டல் கணக்கில் மாற்றுவதில்லை, பெருக்கல் கணக்கில் மாற்றுகிறது. 29.6 மில்லிவோல்ட் மாறினால், வருவதற்கும் போவதற்கும் உள்ள விகிதம் பத்து மடங்கு மாறும். இன்னொரு 29.6 மாறினால் நூறு மடங்கு. ஆகவே செறிவை பத்தில் ஒன்றாக்கும் ஒவ்வொரு முறையும் தகடு அதே 29.6 மில்லிவோல்ட் இறங்கி ஈடுகட்டுகிறது. சமன்பாட்டில் மடக்கை உட்கார்ந்திருப்பது இதனால்தான். இந்த எண் 25 டிகிரி செல்சியஸுக்கானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 35 டிகிரியில் 0.0591 என்பது 0.0611 ஆகிவிடும், மே மாதத்து ஆய்வகத்துக்கு அதுதான் பொருந்தும்.

இப்போது மாணவியின் இரண்டு கிண்ணங்கள்:

```
Cu | Cu²⁺ (0.01 M) || Cu²⁺ (1 M) | Cu
E = 0 − (0.0591/2) × log (0.01/1) = 0.059 V
```

நீர்த்த பக்கத்துத் தகடு கூடுதலாக எதிர்மின்தன்மை அடைந்திருக்கிறது. கம்பியால் இணைத்தால் எலக்ட்ரான் அங்கிருந்து செறிந்த பக்கம் ஓடும், நீர்த்த பக்கத் தகடு கரையும், மறு பக்கத் தகட்டில் செம்பு படியும். இரண்டு செறிவும் சமமானதும் வோல்ட் பூஜ்ஜியம். மொத்தத்தில் புதுப் பொருள் எதுவும் உருவாகவில்லை, செறிவு மட்டும் சமமாகியிருக்கிறது. அப்படியானால் ஆற்றல்? இலட்சியக் கரைசலில் இந்தக் கலப்புக்கு வெப்பமே கிடையாது. ஆக, கம்பியில் கிடைக்கும் மின் வேலை முழுவதும் சுற்றுப்புறத்திலிருந்து மின்கலம் உறிஞ்சிக்கொண்ட வெப்பம். மெதுவாக இயக்கினால் அறையின் சூட்டை எடுத்து மின்சாரமாகத் தருகிறது. இதைக் காட்டி 'இலவச மின்சாரம்' என்று யாராவது காணொளி போட்டால் நம்ப வேண்டாம். செலவாவது செறிவு வேறுபாடு, அதைத் திரும்ப உண்டாக்க குறைந்தபட்சம் அதே அளவு வேலை செய்தாக வேண்டும்.

செய்து பார்க்க விரும்பினால் டிஜிட்டல் மல்டிமீட்டர் வேண்டும். பழைய முள் வோல்ட்மீட்டர் தானே மின்னோட்டத்தை உறிஞ்சி அளவைக் கெடுத்துவிடும். சில நூறு ரூபாய் மீட்டர் வாங்கித் தராமல், இந்தப் பாடத்துக்கு வினா வங்கி மட்டும் அச்சடித்துத் தரும் பள்ளிகளை எனக்குப் பிடிப்பதே இல்லை.

ஆனால் மீட்டரில் 59 மில்லிவோல்ட் வராது. ஏறக்குறைய அதில் பாதிதான் வரும். தகட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள், தவறு தகட்டில் இல்லை. சமன்பாட்டில் உண்மையில் வரவேண்டியது செறிவு அல்ல, செயல்திறன் செறிவு. செம்பு அயனிக்கும் சல்பேட் அயனிக்கும் இரண்டிரண்டு மின்னூட்டம் என்பதால் அடர்ந்த கரைசலில் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு மோலார் காப்பர் சல்பேட், செயலளவில் ஏறக்குறைய 0.04 மோலார் போலத்தான் நடந்துகொள்கிறது, 0.01 மோலார் கரைசல் 0.004 போல. நூறு மடங்கு என்று நாம் நினைத்த வேறுபாடு உண்மையில் பத்து மடங்குதான், அதாவது ஒரே படி, 30 மில்லிவோல்ட் பக்கம். சந்தேகம் இருந்தால் சில்வர் நைட்ரேட்டை 0.1, 0.01 மோலாரில் எடுத்து, வெள்ளிக் கம்பிகளோடு அளந்து பாருங்கள். ஒற்றை மின்னூட்ட அயனிகள் என்பதால் கணக்கு சொல்லும் 59-க்கு நெருக்கமாக, 54 பக்கம் வரும். அப்போது உப்புப் பாலத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டுவிடாதீர்கள், வெள்ளி குளோரைடாக வெள்ளை வெள்ளையாகத் திரிந்து பாலத்தை அடைத்துவிடும். பொட்டாசியம் நைட்ரேட்தான் சரி.