கடைசி ஃப்ரேமிலிருந்து கிளிப்பை நீட்டும்போது ஒட்டு தெரியாமல் இருக்க

ஏஐ வீடியோ கருவியில் ஒரு கிளிப்பை நீட்ட, அதன் கடைசி ஃப்ரேமைப் படமாக எடுத்து அடுத்த கிளிப்பின் தொடக்கமாகக் கொடுக்கிறோம். பிரச்சினை என்னவென்றால், அந்தப் படத்தில் அசைவு இல்லை. கை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது என்பது மாடலுக்குத் தெரியாது. அதனால் ஒரு கணம் உறைந்து, பிறகு தன் இஷ்டத்துக்கு நகரத் தொடங்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் குதிப்பாகத் தெரிகிறது.

எனவே கடைசி ஃப்ரேம்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஜன்னலோரம் ஒரு பெண் புத்தகம் படிக்கும் கிளிப் என்று வையுங்கள்: 5 விநாடி, 24 எஃப்பிஎஸ், 0 முதல் 119 வரை ஃப்ரேம்கள். 119-இல் இமை பாதி மூடியிருக்கிறது, பக்கம் புரட்டும் விரல்கள் கலங்கியிருக்கின்றன. அதைக் கொடுத்தால் கலங்கிய விரலையே மாடல் விரலின் வடிவமாக எடுத்துக்கொண்டு ஆறாவது விரல்கூட முளைக்கலாம். ஒவ்வொரு ஃப்ரேமாகப் பின்னால் போனால் 111-இல் கை பக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது, கண் திறந்திருக்கிறது. வெட்ட வேண்டிய இடம் அதுதான். எட்டு ஃப்ரேம் போனால் போகட்டும்.

பிளேயரில் ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அளவும் நிறமும் அங்கேயே மாறிவிடும். நேராக ஃபைலிலிருந்து எடுங்கள்:

```
ffmpeg -i a.mp4 -vf "select=eq(n\,111),scale=in_color_matrix=bt709,format=rgb24" -frames:v 1 f111.png
```

எச்டி வீடியோவில் நிறக் குறிப்பு பதியப்படாமல் இருந்தால், மாற்றும்போது பழைய எஸ்டி வீடியோவுக்கான 601 நிறக் கணக்கு பயன்பட்டு தோல் நிறமும் பச்சையும் லேசாகத் திரியும். `bt709` என்று சொல்வது அதற்காகத்தான். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி போதும்.

ப்ராம்ப்டில் புதிதாக எதையும் வர்ணிக்காதீர்கள். "இடப்பக்க ஜன்னல் வெளிச்சம், கேமரா அசையவில்லை" என்று முதல் கிளிப்புக்கு எழுதிய வரிகளை அப்படியே வைத்து, "விரல் பக்கத்தை மெல்லப் புரட்டி முடிக்கிறது" என்று தொடரும் அசைவை மட்டும் சேருங்கள். "பொன்னிற மாலை ஒளி" என்று ஒரு சொல் நுழைந்தாலே பின்சுவர் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

இணைக்கும்போது முதல் கிளிப்பை 111 வரை வைத்து, புதியதன் 0-ஆம் ஃப்ரேமை நீக்குங்கள். அது 111-இன் நகல், இரண்டும் இருந்தால் ஒரு திக்கல் தெரியும். நீக்குவதற்கு முன் அந்த இரண்டையும் டிஃபரன்ஸ் மோடில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். திரை கிட்டத்தட்ட கறுப்பாக இருக்க வேண்டும். உருவத்தின் ஓரம் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் படம் நகர்ந்திருக்கிறது, அளவைச் சரிபாருங்கள். திரை முழுக்கச் சாம்பல் படர்ந்தால் வெளிச்சம் மாறியிருக்கிறது. வெளிச்ச அளவைக் காட்டும் வேவ்ஃபார்மைப் பார்த்துப் புதிய கிளிப்பைப் பழையதற்கு இணையாகத் திருத்துங்கள். கிராஸ்ஃபேடு போட்டு மறைத்தால் முகம் இரட்டையாகத் தெரியும்.

இப்படியே நீட்டியதையே மீண்டும் நீட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து கான்ட்ராஸ்ட் ஏறும், முகம் மெல்ல வேறாகும். மூன்றாவது நீட்டலுக்குப் பிறகு வேறு கோணத்துக்குக் கட் செய்து, முதல் கிளிப்பின் தெளிவான படத்திலிருந்து புதிதாகத் தொடங்குவதே என் பரிந்துரை.