எத்தனை கான்பான் அட்டை போதும்?

மண்டபம் கடற்கரையில் விசைப்படகு இன்ஜினுக்குக் கடல்நீர் ஏற்றும் பம்பைப் பூட்டித் தரும் சிறு பட்டறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூட்டுபவர் ஒருவர்தான், ஒரு பம்புக்கு 6 நிமிடம் ஆகும். பம்புகள் போகும் மேசைகள் இரண்டு. புது இன்ஜின் மேசைக்கு மணிக்கு 6, சர்வீஸ் மேசைக்கு மணிக்கு 2. ஒரு பெட்டியில் 4 பம்பு, பெட்டிக்கு ஒரு அட்டை. மேசையில் பெட்டியிலிருந்து முதல் பம்பை எடுத்ததும் அட்டையைக் கழற்றிப் பூட்டுபவருக்குத் திருப்பி அனுப்புவார்கள். அட்டை கைக்கு வந்தால்தான் பூட்டுபவர் அடுத்த பெட்டியைத் தொடங்குவார். டொயோட்டா தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் அடிப்படை இதுதான்.

கணக்கில் பலரும் தவறுவது நேரத்தில். பூட்டும் 24 நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மேசையில் கழன்ற அட்டையை மணிக்கு ஒருமுறைதான் எடுக்கிறார்கள் என்றால், அது அங்கே 60 நிமிடம் வரை கிடக்கும். முன்னால் இன்னொரு பெட்டி இருந்தால் மேலும் 24. பிறகு பூட்ட 24, கொண்டுபோய் வைக்க 12. ஆக 120 நிமிடம், அதாவது 2 மணி.

புது இன்ஜின் மேசை அந்த 2 மணியில் 12 பம்பைத் தின்னும். மின்தடைக்கும் கழிவுக்கும் 20 சதவீதம் கூட்டினால் 14.4. நான்கால் வகுத்தால் 3.6, அட்டையைப் பாதியாக வெட்ட முடியாதே, 4 அட்டை. சர்வீஸ் மேசைக்கு 4 பம்பு, கூட்டினால் 4.8, வகுத்தால் 1.2, அதற்கு 2. மொத்தம் 6.

இரண்டு மேசையையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால் 4.8 வந்து, 5 அட்டை போதும் என்று தோன்றும். அந்த ஒன்றைக் குறைத்தால் அடி விழுவது பெரும்பாலும் சிறிய மேசைக்குத்தான். ஒரே அட்டையோடு நிற்கும் சர்வீஸ் மேசையில், முதல் பம்பை எடுத்ததும் அட்டை கழன்றாலும், பெட்டி சரியாக 2 மணிதான் தாங்கும். புதுப் பெட்டி 10 நிமிடம் பிந்தினாலே வேலை நிற்கும். அதனால் மேசைக்கு ஒரு நிறம் என அட்டையைப் பிரித்து, கணக்கையும் தனித்தனியே போடுவதே நல்லது. பெட்டி காலியான பிறகுதான் அட்டையைக் கழற்றுவது உங்கள் வழக்கமென்றால், மேசைக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் தேவை ஆண்டு முழுதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்க, பழுதுபார்ப்பு கூடும். அப்போது இரு மேசைக்கும் மணிக்கு 4 என்று மாறினால், தலா 2.4 வந்து 3 அட்டை. மொத்தம் அதே 6. புது அட்டை வேண்டாம், ஒன்றின் நிறத்தை மாற்றினால் போதும்.

ஒரு பெட்டி வாரக்கணக்கில் தொடப்படாமல் நின்றால் அந்த மேசையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துவிடலாம். அட்டையெல்லாம் பூட்டுபவர் முன்னாலேயே குவிந்து கிடந்தால் மட்டும் அவசரப்பட்டு அட்டையைக் கூட்டக் கூடாது. மணிக்கு 10 பம்புக்கு மேல் அவரால் முடியாது. தேவை அதைத் தாண்டினால் இன்னொரு ஆள்தான் வேண்டும்.