990 மணி நேரம் எங்கே போனது? முதியோர் பராமரிப்புச் சான்றிதழில் ஆட்சேர்ப்பாளர்கள் சரிபார்ப்பவை

தருமபுரியில் வீட்டுப் பராமரிப்பாளர் பயிற்சி அளிப்பதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்தேன். வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில் நிராகரிக்கப்பட்டவர்கள் சான்றிதழ்க் கோப்போடு என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களில் பெரும்பாலோர் தமக்கு ஆங்கிலம் போதவில்லை என்றே எண்ணிக்கொண்டு வருகிறார்கள். கோப்பைப் பிரித்துப் பார்த்தால், பல நேரங்களில் காரணம் முதல் இரண்டு தாள்களிலேயே இருக்கிறது.

சென்ற ஆண்டு பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த பெண்ணுக்கு வயது இருபத்தொன்பது. இஸ்ரேலில் முதியவர்களை வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தார். இந்திய அரசுக்கும் இஸ்ரேலுக்கும் இடையிலான உடன்படிக்கையின்படி இந்த ஆட்சேர்ப்பைத் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்துகிறது. அதன் அறிவிப்பில், செவிலியர் படிப்பு இல்லாதவர்கள் பணியிடப் பயிற்சியும் சேர்த்துக் குறைந்தது 990 மணி நேரம் கொண்ட, அங்கீகாரம் பெற்ற பராமரிப்பாளர் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று கேட்கப்பட்டிருந்தது. இந்தப் பெண்ணின் சான்றிதழில் 1,000 மணி நேரம் என்றே அச்சிடப்பட்டிருந்தது. பிறகு ஏன் நிராகரித்தார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

சான்றிதழின்படி படிப்பு 2024 ஜூன் 3 அன்று தொடங்கி நவம்பர் 29 அன்று முடிந்திருந்தது. அதற்கு அடுத்த தாள், ஓசூரில் அவர் வேலை செய்த தொழிற்சாலை தந்த அனுபவச் சான்று. அனுபவம் இருப்பது நல்லது என்று யாரோ சொன்னதால் அதையும் இணைத்திருக்கிறார். அதில் 2023 பிப்ரவரி முதல் 2025 ஜனவரி வரை முழுநேரப் பணி என்று எழுதியிருந்தது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த தேர்வாளர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "இந்த ஆறு மாதமும் நீங்கள் வகுப்பில் இருந்தீர்களா, தொழிற்சாலையில் இருந்தீர்களா?"

"ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் மேடம் வகுப்பு. அவங்கதான் ஆயிரம் மணி நேரம்னு போட்டுக் கொடுத்தாங்க" என்று என்னிடம் சொன்னார். அந்தத் தேதிகளுக்கு இடையே வரும் ஞாயிறுகள் இருபத்தைந்து. ஒரு ஞாயிறுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது 150 மணி நேரம். 990 மணி நேரத்தை நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாகப் பிரித்தால் 165 வேலை நாள்கள் ஆகும். வாரம் ஆறு நாள் வகுப்பு நடந்தாலும் இருபத்தேழு வாரத்துக்கு மேல் வேண்டும். ஆகவே மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். ஆட்சேர்ப்பாளரும் அதைத்தான் செய்கிறார்.

மணி நேரத்துக்கு அடுத்தபடியாக அவர் பார்ப்பது, சான்றிதழை வழங்கியது யார் என்பது. பயிற்சி தரும் இடம் வேறு, சான்றளிக்கும் அமைப்பு வேறு. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு போன்ற படிப்புகளுக்குச் சுகாதாரத் துறைத் திறன் கவுன்சில் மதிப்பீடு நடத்திச் சான்று தருகிறது; அத்தகைய அமைப்புகளுக்கு அங்கீகாரம் தருவது தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சில். அந்தச் சான்றில் உள்ள க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், வழங்கிய அமைப்பின் பதிவிலிருந்து பெயரும் படிப்பும் வர வேண்டும். பென்னாகரத்துப் பெண்ணின் சான்றிதழிலும் ஒரு குறியீடு இருந்தது. ஸ்கேன் செய்தபோது பயிற்சி நிறுவனத்தின் சொந்த முகப்புப் பக்கம் திறந்தது. அவருடைய பெயர் எங்கும் இல்லை. தங்க நிற முத்திரையும் "அரசுப் பதிவு பெற்றது" என்ற வரியும் இருந்தன. அந்தப் பதிவு எண்ணைப் பார்த்தேன். அது ஓர் அறக்கட்டளைப் பத்திரத்தின் பதிவு எண். அறக்கட்டளையைப் பதிவு செய்திருப்பதற்கும் பராமரிப்பாளர் சான்று வழங்கும் தகுதிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

அதே தாளில் படிப்பின் பெயர் "டிப்ளமோ இன் நர்சிங்" என்று பெரிய எழுத்தில் இருந்ததும் அவருக்கு எதிராகவே வேலை செய்தது. நர்சிங் என்ற சொல்லைக் கண்டவுடன் தேர்வாளர் மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்பார். இரண்டாண்டு ஏஎன்எம் அல்லது அதற்கு மேற்பட்ட செவிலியர் படிப்பு முடித்தவர்களிடம் அந்த எண் இருக்கும், உதவியாளரிடம் இருக்காது. உதவியாளர் என்று நேராக எழுதிய எளிய சான்று ஏற்கப்படும் இடத்தில், செவிலியர் போலத் தோற்றம் காட்டும் சான்று சந்தேகத்துக்கு உள்ளாகிறது.

பணியிடப் பயிற்சிக்கான கடிதத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். "எங்கள் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எந்த வார்டில், நாளுக்கு எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்பவை அதில் இருக்க வேண்டும்; தொலைபேசியில் அழைத்தால் அதை உறுதிசெய்ய அங்கே ஒருவர் இருக்க வேண்டும். என் மாணவிகளிடம் நாள்தோறும் எழுதும் ஒரு பதிவேட்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எத்தனை பேரைப் படுக்கையில் குளிப்பாட்டினார்கள், எத்தனை முறை இரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்பதை எழுதி, அன்றைய பணிச் செவிலியரிடம் கையொப்பம் வாங்குவார்கள்.

தாள்கள் சரியாக இருந்தாலும் கைகளையும் சோதிக்கிறார்கள். வலப்பக்கம் செயலிழந்த முதியவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக் காட்டு என்பார்கள். நாற்காலியை அவருடைய வலுவான இடப்பக்கம் வைத்து, இரண்டு பிரேக்குகளையும் பூட்டி, கால்தாங்கியை விலக்கிய பிறகே அவரைத் தொட வேண்டும். வார்டில் நின்றவருக்கு இது யோசிக்காமல் வரும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் காணொளி பார்த்தவர், பெரும்பாலும், நேராக அவருடைய அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கப் போவார். அந்த ஒரு நொடியில் 1,000 மணி நேரம் பொய் என்று தெரிந்துவிடும்.

ஜப்பானின் முறை வேறு. குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் பராமரிப்புப் பணிக்குச் செல்ல, நம் ஊர்ச் சான்றிதழைவிட அவர்களுடைய தேர்வுகளே கணக்கு: பராமரிப்புத் திறனுக்கு ஒன்று, பராமரிப்பு சார்ந்த ஜப்பானிய மொழிக்கு ஒன்று, அவற்றோடு பொதுவான ஜப்பானிய மொழித் தேர்வு. அங்கே போக எண்ணுபவர் சான்றிதழுக்கு எண்பதாயிரம் கட்டுவதற்குப் பதிலாக மொழி வகுப்புக்குக் கட்டலாம்.

பென்னாகரத்துப் பெண் முழுநேரப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தார். பழைய சான்றிதழை விண்ணப்பத்தில் மறுபடி காட்டக் கூடாது என்பதோடு, சேர்க்கை விண்ணப்பத்திலேயே திருத்த வேண்டிய இன்னொன்றும் இருந்தது. பள்ளிச் சான்றில் அவருடைய பெயருக்கு முன் ஒரு தலைப்பெழுத்து மட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. நம் பக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் உள்ள சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதும்படி சொல்லி, நிரப்பிய படிவத்தை நான் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே அனுப்பினோம்.