230-உம் 230-உம் சேர்ந்து 400 ஆவது எப்படி?

இந்தியாவின் மும்முனை மின்வழங்கலில் R, Y, B ஆகிய மூன்று கம்பிகளில் எதை எடுத்து நியூட்ரலோடு அளந்தாலும் மீட்டர் ஏறத்தாழ 230 வோல்ட் காட்டும். இதுவே ஃபேஸ் மின்னழுத்தம். R, Y கம்பிகளுக்கு இடையே அளந்தால் 400 வருகிறது. இது லைன் மின்னழுத்தம். இரண்டு 230-களைக் கூட்டினால் 460, கழித்தால் சுழி என்றிருக்க, இந்த 400 எங்கிருந்து வந்தது?

மீட்டர் அளவை மட்டுமே சொல்கிறது, நேரத்தைச் சொல்வதில்லை. மூன்று அலைகளும் விநாடிக்கு 50 முறை ஊசலாடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 பாகை, பிந்தி வருகிறது. அளவையும் இந்தப் பிந்துதலையும் ஒரே எண்ணில் அடக்கவே கலப்பெண் தேவைப்படுகிறது. R-ஐ மெய் அச்சின்மேல் வைத்து, −1-இன் வர்க்கமூலத்தை j எனக் குறித்தால் மூன்றும் இப்படி அமையும்:

```
V_R =  230
V_Y = -115 - j199.2
V_B = -115 + j199.2
```

இரு கம்பிகளுக்கு இடையே மீட்டர் காண்பது அவற்றின் வேறுபாட்டை. V_R − V_Y = 345 + j199.2. இதன் அளவு 398.4 வோல்ட், அதாவது 230-இன் √3 மடங்கு. பெயர்ப்பலகையில் அதை 400 என்று முழுமையாக்கி எழுதுகிறார்கள். இந்த லைன் மின்னழுத்தம் V_R-ஐவிட 30 பாகை முந்தியும் இருக்கும்.

மூன்று எண்களையும் கூட்டினால் விடை சுழி. பார்க்க எளிய இந்த உண்மை, காயில்களைப் புதிதாகச் சுற்றிய ஜெனரேட்டரில் ஏதேனும் ஒரு ஃபேஸின் காயில் முனைகள் மாறிப்போனால் அதைக் காட்டிக்கொடுக்கிறது. Y காயில் தலைகீழானதாகக் கொள்வோம்; V_Y இப்போது 115 + j199.2 ஆகிவிடும். நியூட்ரலோடு அளந்தால் மூன்று ஃபேஸ்களும் பழையபடி 230 காட்டும் என்பதால், அங்கே மட்டும் சோதிப்பவர் எல்லாம் சரியாக இருப்பதாகவே முடிவு செய்வார். லைன் அளவுகளில்தான் பிழை வெளிப்படும்: R–Y வேறுபாடு 115 − j199.2, Y–B வேறுபாடு 230 என இரண்டின் அளவும் 230-ஆகச் சுருங்கிவிட, R–B மட்டும் 398-இலேயே நிற்கும். குறைந்த இரண்டு அளவுகளுக்கும் பொதுவான கம்பி எதுவோ, அதன் காயிலே மாறியது. இதைக் கவனிக்காமல் அதே காயில்களை ஒன்றன் முனையோடு அடுத்ததாக வளையமாக, அதாவது டெல்டாவாக, இணைக்க முனைந்தால், கடைசி இணைப்பின் இரு முனைகளுக்கு இடையே சுழிக்குப் பதிலாக 460 வோல்ட் நிற்கும். அந்த நிலையில் மூடினால் காயில்களுக்குள்ளேயே பெருமின்னோட்டம் சுற்றும்.

√3 என்ற விகிதம் தூய சைன் அலைக்கே சரியாகப் பொருந்தும். அலையில் 150 ஹெர்ட்ஸ் கலப்பு இருந்தால், அதன் பிந்துதல் 3 × 120, அதாவது ஒரு முழுச்சுற்று. ஆகவே மூன்று ஃபேஸ்களிலும் அது ஒரே நேரத்தில் ஏறி இறங்கி, வேறுபாடு எடுக்கையில் மறைந்துவிடுகிறது. ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் ஃபேஸ் அளவு அந்தக் கலப்பையும் சேர்த்துக் காட்டும், லைன் அளவு காட்டாது. எனவே விகிதம் 1.732-க்குக் கீழே இறங்கும்.